கடல் தாண்டிப் போகும் தாலாட்டு: தூரத்துப் பேத்திக்குப் பாட்டி பாட்டுக் கட்டும் முறை

"அம்மா, பாட்டு ஒரு பக்கம் போகுது, தூளி ஒரு பக்கம் போகுது. நீங்க பாடப் பாட அவ முழிச்சுக்கிறா."

நான் அனுப்பிய முதல் தாலாட்டுக்கு என் மகள் சொன்ன பதில் இது. அவள் திருச்சியில் இருக்கிறாள். படிக்கப் போய், அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். நான் மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் பிறந்து ஒன்பது நாளான என் சொந்தப் பேத்தியைத் தூங்க வைக்க எனக்குத் தெரியவில்லை. தொட்டிலில் என் கை இருந்திருந்தால் கை தானாகத் தாளத்தைச் சரிசெய்திருக்கும். கை அங்கே இல்லாதபோது அந்த ஆட்டத்தையும் பாட்டே சுமக்க வேண்டியிருக்கிறது. மூன்று வாரம் மாற்றி மாற்றி எழுதிப் பாடி அனுப்பிய பிறகுதான் அது கைகூடியது. என்னைப் போலப் பிள்ளைகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிமார் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் தூளியை அளந்துகொள்ளுங்கள்

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் குழந்தை எதில் ஆடுகிறது என்று கேளுங்கள். நான் இதைக் கேட்காமல் தொடங்கியதுதான் முதல் தவறு.

இங்கே எங்கள் ஊரில் பெரும்பாலும் ஸ்பிரிங் மாட்டிய துணித்தொட்டில்தான். மலாய்க்காரர் வீட்டிலும் நம் வீட்டிலும் ஒரே மாதிரி. அது மேலும் கீழுமாகக் குதிக்கும், ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு குதிப்பு. என் இரண்டு பிள்ளைகளும் அதில் வளர்ந்ததால் தாலாட்டு என்று வாய் திறந்தாலே எனக்கு அந்தத் தாளம்தான் வந்தது. மகள் வீட்டிலோ உத்தரத்துக் கொக்கியில் சேலையைக் கட்டிய தூளி. அது பக்கவாட்டில் நீளமாகப் போய் வரும். நான் குதிக்கிற பாட்டை அனுப்பினேன், அவள் வீசுகிற தூளியில் ஆட்டினாள். ஒத்துப்போகாததில் வியப்பே இல்லை.

அளப்பது சுலபம். தூளியைக் குழந்தையோடு மெதுவாக ஆட்டிவிட்டு, அது போய்த் திரும்பி வருவதை ஒன்று என்று வைத்துப் பத்து எண்ணச் சொல்லுங்கள். பத்துக்கு எத்தனை நொடி ஆனது என்று போன் கடிகாரத்தில் பார்க்கட்டும். மகள் பார்த்தபோது 27 நொடி. அதாவது ஒரு வீச்சுக்கு இரண்டே முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு. கொக்கியிலிருந்து குழந்தை படுத்திருக்கும் இடம் வரை ஆறடி இருந்தால் இந்தக் கணக்குதான் வரும். மூன்றடித் தூளி என்றால் இரண்டு நொடிக்குச் சற்றுக் கீழே வந்துவிடும்.

மருமகன் பொறியாளர். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் உதவியது. தொங்கும் தூளியின் வேகம் அதன் நீளத்தைத்தான் பொறுத்தது. குழந்தை எடை போட்டாலும், கொஞ்சம் பலமாகவே ஆட்டினாலும் வீச்சுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய மாறாது. ஆகவே பிறந்த வாரம் கட்டிய பாட்டு ஆறாம் மாதத்திலும் பொருந்தும், முடிச்சை ஏற்றி இறக்காமல் இருந்தால் போதும். ஸ்பிரிங் தொட்டில் அப்படியல்ல. குழந்தை கனக்கக் கனக்க அது நிதானமாகிக்கொண்டே போகும், பாட்டையும் அதோடு மெல்ல நிதானப்படுத்த வேண்டும்.

தூளியே இல்லாமல் தோளில் போட்டு நடப்பவர்கள் வீடு என்றால் நடையை அளக்கச் சொல்லுங்கள். இருபது அடி வைக்க எத்தனை நொடி என்று தெரிந்தால் அதுவே உங்கள் தாளம்.

ஆராரோ என்பதே அளவுகோல்

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். பெரியாழ்வார் கண்ணனைத் தூங்க வைக்கும் பாசுரங்களில் தாலேலோ என்று முடிக்கிறார். நம் வீடுகளில் அது ஆராரோ ஆரிரரோ. பொருள் இல்லாத ஒலி என்று நினைத்து நாம் அதை முன்னும் பின்னும் ஒட்டிவிடுகிறோம். உண்மையில் பாட்டு முழுவதற்கும் அளவு அதற்குள்தான் இருக்கிறது.

பள்ளியில் அசை பிரித்தது நினைவிருக்கிறதா? ஆ, ரா, ரோ மூன்றும் நேர். நேர் நேர் நேர் தேமாங்காய். அடுத்தது ஆ, ரிர, ரோ. நேர் நிரை நேர் கூவிளங்காய். தாலேலோவும் தேமாங்காய்தான். எல்லாமே மூன்று அசை கொண்ட காய்ச்சீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு சீரும் இப்படி மூன்று அசையாக நின்று நேரில் முடிந்தால் தூளியோடு சேர்ந்து போகும். இலக்கணம் மறந்திருந்தாலும் பரவாயில்லை. எழுதிய சொல்லை ஆராரோ இருந்த இடத்தில் வைத்து அதே மெட்டில் பாடிப் பாருங்கள். இடறாமல் உட்கார்ந்தால் சரி.

ஒரு சீர் தூளி போகும்போது, அடுத்த சீர் அது திரும்பும்போது. ஆராரோவில் போகிறது, ஆரிரரோவில் வருகிறது. அப்படியானால் இரண்டு சீர் கொண்ட ஒரு வரிக்கு ஒரு முழு வீச்சு. என் பேத்தியின் தூளியில் ஒரு வரிக்கு 2.7 நொடி.

இடறுவது எப்படி இருக்கும் என்பதற்கு என் முதல் வரியையே காட்டுகிறேன். ரப்பர் மரத்தை நாங்கள் பால்மரம் என்போம்.

பால்மரத்து நிழலிருந்து
பாட்டிநான் பாடுறேனே

படிக்கும்போது நன்றாகவே இருந்தது. பாடினால் "பாட்டிநான்" என்ற இடத்தில் குரல் தடுக்கியது. பிரித்துப் பார்த்தேன்: பாட், டிநான். இரண்டே அசை. ஒன்று குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட "நாஆன்" என்று இழுத்திருக்கிறேன். இழுத்ததும் பாட்டின் பாரம் முழுவதும் "நான்" மேல் விழுந்துவிட்டது. குழந்தையைத் தூங்க வைக்க வந்த பாட்டில் நான், நான் என்று என் குரலே கேட்டது. அந்த வரியை இப்படி மாற்றினேன்.

பால்மரத்து நிழலோரம்
பாட்டிவீடு இருக்குதம்மா

பாட், டிவீ, டு. மூன்று அசை வந்துவிட்டது, தடுக்கலும் நின்றது. "நான்" போய் "வீடு" வந்ததும் எனக்கே பிடித்திருந்தது.

வரி எந்த ஒலியில் முடிகிறது என்பதும் முக்கியம். மா, லே, ரோ, யே என்று நெடிலில் முடிந்தால் குரல் அடங்கி இறங்க இடம் கிடைக்கும். வரிக்கு நடுவில் க்க, ட்ட, ப்ப வந்தால் கெடுதல் இல்லை, கப்பல், தொட்டில் இல்லாமல் எப்படிப் பாடுவது? கடைசிச் சீரின் கடைசி அசையில் மட்டும் வல்லெழுத்து அழுத்தமாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண் செருகும் நேரத்தில் அந்தத் தட்டல் குழந்தையைத் தூக்கிப்போடும்.

எதைப் பாடுவது

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வாரம் போனது.

பழைய தாலாட்டுகளில் ஒரு வரிசை உண்டு. முதலில் குழந்தையைப் புகழ்வார்கள். அப்புறம் யார் அடித்து அழுதாய் என்று மாமன், அத்தை, சித்தி என ஒவ்வொருவராகக் கேட்பார்கள். பிறகு தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசை, கடைசியில் உறக்கம். பாட்டியும் அத்தையும் மாமனும் ஒரே தெருவில் இருந்த காலத்தில் அது சரி. தூரத்துப் பாட்டி அதையெல்லாம் அப்படியே பாடினால் அங்கே இல்லாத ஆட்களைக் கூப்பிடுவது போலாகிவிடும்.

நான் முதலில் எல்லாவற்றையும் ஏற்றப் பார்த்தேன். என் அப்பா பத்து வயதில் தன் தகப்பனாரோடு கப்பலில் வந்தது, லயத்து வீடு, விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு, துண்டாடிய தோட்டங்கள், தொழிலாளரே தோட்டம் வாங்க 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவு வரை. தாளில் இருபத்தெட்டு வரி வந்தது. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "மா, இது நல்லாருக்கு. ஆனா ராத்திரி மூணு மணிக்கு எனக்கு இது ஞாபகம் வராது" என்றாள்.

அவள் சொன்னது சரி. பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும். அந்த நேரத்தில் போனைத் தேடி எடுத்துப் பாட்டியின் குரலைப் போடுவதை விடத் தாயே பாடுவதுதான் நடக்கக்கூடியது. வயிற்றில் இருந்த நாளிலேயே கேட்டுப் பழகியது அந்தக் குரலைத்தானே. ஆகவே இந்தப் பாட்டு என் வாயிலிருந்து மகளின் வாய்க்குப் போக வேண்டும். இரண்டு தரம் கேட்டால் மனப்பாடம் ஆக வேண்டும்.

அப்போதுதான் ஆயாக்கொட்டகை நினைவுக்கு வந்தது. அம்மாமார் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகை. எங்கள் தோட்டத்தில் ஏழெட்டுத் தூளிகள் வரிசையாகத் தொங்கும். ஆயா நடுவில் உட்கார்ந்து கைக்கு ஒன்றாக இரண்டு தூளியை ஆட்டுவார். அவர் நீளமாக எதுவும் பாடியதில்லை. ஒரே ஆராரோ, ஒரே முடிவு வரி, நடுவில் அந்தந்தக் குழந்தைக்கு ஏற்ற இரண்டு வரி. அவ்வளவுதான். அது ஏழெட்டுப் பிள்ளைகளுக்கும் போதுமானதாக இருந்தது.

நானும் அதையே எடுத்துக்கொண்டேன். மாறாத தொடக்கம், மாறாத கடைசி வரி, நடுவில் மாறும் மூன்று வரி. அந்த நடுப்பகுதிக்கு மூன்றே விஷயம்: பாட்டி எங்கே இருக்கிறாள், எப்படி இங்கே வந்தோம், குழந்தையின் வயிற்றுக்குப் பால். நாளைக்கு அவள் வளர்ந்து "அது என்ன பாட்டி?" என்று கேட்டால் கையைப் பிடித்துக் காட்டக்கூடியதாக மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரைச் சுற்றி இப்போது பார்க்கும் பக்கமெல்லாம் செம்பனைதான். ஆனால் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு நிறை பால்மரம் இன்னும் நிற்கிறது. அதனால் பால்மரம் என்று பாட எனக்கு உரிமை இருக்கிறது. குழந்தைக்கு முதலில் தெரியும் சொல் பால் என்பது இன்னொரு காரணம்.

சமையலறை ஜன்னலில் ஒரு பழைய மங்கு வைத்திருக்கிறேன். மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் சின்னக் கிண்ணம். உள்பக்கம் காய்ந்த பால் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும், நகத்தால் உரித்தால் இழுத்துக்கொண்டு வரும். வெட்டிய பட்டையிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக அதில் விழுவதை எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். மகள் அனுப்பிய படத்தில் பேத்தி வாயைத் திறந்து பாலுக்குக் காத்திருந்தாள். மங்கு மாதிரியே இருந்தது அந்த வாய். மூன்றாம் கண்ணி அந்தப் படத்தைப் பார்த்த அன்றே வந்துவிட்டது.

ஒப்பாரி எட்டிப் பார்த்தால்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாலாட்டும் ஒப்பாரியும் அக்கா தங்கை. இரண்டும் பெண்கள் பாடுவது, அளவும் மெட்டும் மிக நெருக்கம். தூரத்தில் இருக்கும் பாட்டி தாலாட்டு எழுத உட்கார்ந்தால் பாதியில் அக்கா எழுந்து போய்த் தங்கை வந்து உட்கார்ந்துவிடுவாள்.

என் வீட்டுக்காரர் தவறி நான்கு வருடம் ஆகிறது. இரண்டாவது நாள் எழுதியதில் இப்படி ஒரு வரி.

பார்க்காமல் போனாரே
பாட்டனாரு உன்முகத்தை

அளவு சரியாகத்தான் இருக்கிறது. பாடும்போதுதான் தெரிந்தது. வரியை எடுக்கும்போதே குரல் உச்சியில் ஏறி, முடிவில் சரிந்து விழுந்தது. அது ஒப்பாரியின் போக்கு. தாலாட்டு நடுக்குரலிலேயே எழுந்து கொஞ்சமாக இறங்கும். இன்னொரு அடையாளம் வினைச்சொல். போனாரே, பார்க்கலையே, வரலையே என்று முடிந்துபோனதும் இல்லாததும் வரிசையாக வந்தால் பாட்டு திரும்பிவிட்டது என்று பொருள். மூன்றாவது, மூச்சு. வரிக்கு நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் நீங்கள் தூங்க வைக்கவில்லை, அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

அப்படி வந்தால் அதை அடக்க வேண்டாம். தனித் தாளில் முழுவதும் எழுதிவிடுங்கள். அது உங்களுக்கு. நான் எழுதி மடித்து அவர் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பிறகு அவரை இந்தப் பாட்டில் வேறு எப்படி வைக்கலாம் என்று பார்த்தேன். பின்கட்டுப் பால்மரங்களை வெட்டிவிட்டுக் கொட்டகை போடலாம் என்று மகன் சொன்னபோது வேண்டாம் என்று தடுத்தவர் அவர். "பால்மரத்து நிழலோரம்" என்று பாடும்போது எனக்கு அது அவருடைய நிழல். மகளுக்கும் அது புரிந்தது, கேட்டுவிட்டு அவளாகச் சொன்னாள்.

முழுப் பாட்டு

ஆராரோ ஆரிரரோ
ஆரிரரோ ஆராரோ

பால்மரத்து நிழலோரம்
பாட்டிவீடு இருக்குதம்மா
காத்துவந்து சொல்லுதம்மா
கண்ணேநீ கண்ணுறங்கு

ஆராரோ ஆரிரரோ
ஆரிரரோ ஆராரோ

கடல்தாண்டி உன்பூட்டன்
கப்பலேறி வந்தாரே
கப்பலாட்டம் தொட்டிலாட
கண்ணேநீ கண்ணுறங்கு

ஆராரோ ஆரிரரோ
ஆரிரரோ ஆராரோ

சொட்டுசொட்டா பால்வடியும்
சின்னமங்கு நெறைஞ்சிருக்கும்
முத்துவாயில் பால்குடிச்சு
கண்ணேநீ கண்ணுறங்கு

ஆராரோவோடு சேர்த்து ஒரு கண்ணிக்கு ஆறு வரி, ஆறு வீச்சு, பதினாறு நொடி. மூன்று கண்ணிக்கும் சேர்த்து 50 நொடிக்குள். இதை நான்கு சுற்றுப் பாடினால் ஏறக்குறைய மூன்று நிமிடம் வரும். இரண்டாவது சுற்றில் குரலைத் தணியுங்கள். மூன்றாவதில் கண்ணிகளை விட்டு ஆராரோவும் கடைசி வரியும் மட்டும். நான்காவதில் சொல்லே வேண்டாம், வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று அதே மெட்டு. சொல் குறையக் குறையத் தூக்கம் வரும். புதிய சொல் காதில் விழும்போதெல்லாம் குழந்தை கவனிக்கத் தொடங்கும், அதனால் சுற்றுக்குச் சுற்று புதுசாக எதையும் சேர்க்காதீர்கள்.

மெட்டுக்கு நான்கு ஐந்து சுரம் போதும். நீலாம்பரி தெரிந்தவர்கள் அதில் பாடலாம், தாலாட்டுக்கு உரிய ராகம் என்றே பெயர் பெற்றது. எனக்கு ஆயா பாடிய மெட்டுதான் வாயில் நின்றது, அதையே வைத்துக்கொண்டேன்.

பெயர் வைத்த பிறகு "கண்ணேநீ" இருக்கும் இடத்தில் பெயரைப் போடலாம். மீனா என்றால் "மீனாநீ" அப்படியே பொருந்தும். யாழினி என்றால் "யாழினிநீ" என்று பாடினாலும் "யாழினியே" என்று பாடினாலும் உட்காரும். எங்கள் பேத்தியின் பெயருக்கு ஒரு அசை கூடுதலாக இருந்ததால் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைப் போட்டுக்கொண்டோம்.

பதிவு செய்து அனுப்புவது

வீடியோ காலில் நேராகப் பாடிப் பார்த்தேன், சரிவரவில்லை. குரல் போய்ச் சேர ஒரு கணம் தாமதமாகிறது, அதனால் அவள் ஆட்டும் தூளியோடு சேரவே சேராது. அதோடு, நீட்டிப் பாடும் ஓசையையும் முனகலையும் போன் வெளிச்சத்தம் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. "ம்ம்" என்று நான் பாடும்போதெல்லாம் அங்கே ஒன்றுமே கேட்கவில்லையாம். பேசுவதற்கு வீடியோ கால், பாடுவதற்கு வாட்ஸ்அப் குரல் பதிவு.

பதிவுக்கு முன் காற்றாடியை நிறுத்துங்கள். தகரக் கூரை வீடு என்றால் மழை இல்லாத நேரம் பாருங்கள். நான் காலை ஐந்தரை மணிக்குப் பாடினேன், சேவல் கூவியதால் இரண்டு முறை மறுபடியும் பாட வேண்டியிருந்தது. மைக் பொத்தானை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கை ஓயாது. போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கன்னத்தின் பக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு "ப"வும் ஊதியது போல் வெடிக்கும். மிகவும் தாழ்ந்த குரலில் தொடங்காதீர்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் அடிக்குரல் கேட்காது. உங்களுக்குச் சுலபமான அடிக்குரலிலிருந்து இரண்டு படி மேலே எடுத்தால் போதும்.

தாளத்துக்கு நான் செய்த வழி: வாசல் கதவில் கயிறு கட்டி, ஆறடி நீளத்தில் ஒரு தேங்காயைத் தொங்கவிட்டேன். அதை மெல்ல ஆட்டிவிட்டு அது போகும்போது ஒரு சீர், வரும்போது ஒரு சீர் பாடினேன். மகளின் தூளி என் வாசலிலேயே ஆடியது போல இருந்தது. ஸ்பிரிங் தொட்டில் தாளம் அன்றோடு என் வாயை விட்டுப் போனது.

பாட்டுக்கு முன்னால் எதுவும் பேசாதீர்கள். முதல் பதிவில் "அம்மாடி, கேக்குதா? பாட்டி பாடுறேன்" என்று உரக்கத் தொடங்கியிருந்தேன். ஒவ்வொரு முறை போடும்போதும் குழந்தை அந்த இடத்தில் திடுக்கிட்டது. இரண்டு நொடி அமைதி விட்டு நேராக ஆராரோவில் தொடங்குங்கள். சொல்ல வேண்டியதைத் தனிப் பதிவாக அனுப்பலாம்.

அந்தப் பக்கம் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். போனைத் தூளிக்குள் வைக்கக் கூடாது. ஆறேழு அடி தள்ளி, மெதுவாகப் பேசும் அளவு சத்தத்தில் போதும். தூங்கியதும் குழந்தையைத் தூளியிலேயே விட்டுவிடாமல் தட்டையான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கும்படிதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பாட்டை எங்கே நிறுத்துவது என்று குழந்தையே காட்டும். இறுக்கி வைத்திருந்த விரல்கள் தளர்ந்தால், கண் சிமிட்டுவது மெதுவானால் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், விரல்களை விறைப்பாக விரித்தால், விக்கல் எடுத்தால் சத்தம் அதிகம். அப்போது பாட்டை நிறுத்திவிட்டுத் தூளியை மட்டும் ஆட்டலாம்.

அங்கே போன பிறகு

பாட்டு போய்ச் சேர்ந்த வீட்டில் அது மாறும். அதற்கு இடம் கொடுங்கள்.

நான்காவது நாள் மகள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். சம்பந்தியம்மாவுக்கு "மங்கு" என்ற சொல் மனதை உறுத்துகிறதாம். அங்கே மங்குவது என்றால் ஒளி குறைவது, மங்கு சனி என்றும் சொல்வார்கள். பச்சைக் குழந்தையின் தாலாட்டில் அது வேண்டாமே என்றாராம். எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. எங்களுக்கு மங்கு என்றால் காலைப் பால், அன்றைய கூலி. ஆனால் அவரும் அந்தக் குழந்தைக்குப் பாட்டி, தூளியைக் கையால் ஆட்டுபவர். "சின்னமங்கு" இருந்த இடத்தில் "கிண்ணமெல்லாம்" வைத்துப் பார்த்தேன். கிண், ணமெல், லாம். அதே அளவு. மகளும் சம்பந்தியம்மாவும் "கிண்ணமெல்லாம் நெறைஞ்சிருக்கும்" என்று பாடுகிறார்கள். என் குரல் பதிவில் மங்கு அப்படியே இருக்கிறது, அதையும் போடுகிறார்கள்.

பதிவைப் போனில் மட்டும் விட்டுவைக்காமல் தனிக் கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். மகள் போன் மாற்றியபோது என் முதல் மூன்று பதிவுகள் போய்விட்டன. சொல்லைத் தாளிலும் எழுதி அனுப்பினேன், அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

இங்கே மணி இரவு பத்தரை ஆகும்போது திருச்சியில் எட்டு. அதுதான் அவளைத் தூளியில் போடும் நேரம். போன வாரம் அந்த நேரத்துக்கு ஒரு குரல் பதிவு வந்தது. மகள்தான் பாடியிருந்தாள், பின்னால் தூளிக் கொக்கி கிரீச்சிடும் சத்தம். மூன்று கண்ணியையும் பாடி முடித்துவிட்டு, நான் எழுதாத நான்காவது ஒன்றைப் பாடினாள். தாய்மாமன் இல்லாமல் தாலாட்டா என்று அவளே கட்டியிருக்கிறாள். முதலில் "மாமன்வரும்" என்று எழுதித் தடுக்கியதாம், ஆராரோ வைத்துப் பார்த்து மாற்றினாளாம்.

மலைக்கோட்டை விளக்கெரிய
மாமனுக்கு லீவுவரும்
வானமேறி வந்திடுவார்
கண்ணேநீ கண்ணுறங்கு

தேங்காய் இன்னும் வாசலில்தான் தொங்குகிறது. அதை ஆட்டிவிட்டு அவள் குரலோடு வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சீரும் சேர்ந்தே போய் வந்தது.